தளத்துக்குச் சிமெண்டு எத்தனை மூட்டை?

1956-ஆம் ஆண்டில் இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றப்பட்டு இத்தனை காலம் கழிந்த பின்னும், நம் ஊரில் வீட்டுக்கு மேல்தளம் போடும் மேஸ்திரி அடியிலும் அங்குலத்திலுமே பேசுகிறார். ஜல்லியும் மணலும், 100 கன அடி கொண்ட ‘யூனிட்’ என்ற கணக்கில் லாரியில் வந்து இறங்குகின்றன. ஆனால் ஆலையிலிருந்து கலவையாகவே வாங்கும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைக் கன மீட்டரில்தான் விற்கிறார்கள். பொறியாளர் தரும் மதிப்பீட்டிலும் கன மீட்டரே காணப்படுகிறது. ஆகவே வீட்டுக்காரர் இவ்விரண்டு பாஷைகளையும் அறிந்தவராக இருந்தாலன்றி, தமக்குச் சொல்லப்படும் மூட்டைக் கணக்கு சரியா என்று பரிசீலிக்க அவருக்கு வழியில்லை.

ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். கன அடியைக் கன மீட்டராக்கும்போது அதே 3.28-ஆல் வகுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டால், அதன் அடிப்பரப்பில் 3.28-ஐ 3.28-ஆல் பெருக்கிய அளவாகிய 10.76 சதுர அடி இருப்பதும், அப்பரப்பு 3.28 அடி உயரத்துக்கு எழும்போது உள்ளடங்கும் கொள்ளளவு 35.31 கன அடியாவதும் தாமே விளங்கும். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று பரிமாணங்களிலும் அளவு மாறுவதால், மாற்றும் எண்ணும் மும்முறை பெருக வேண்டியதாகிறது. எனவே கன அடியை 35.31-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும்.

உதாரணமாக, 30 அடி நீளமும் 20 அடி அகலமும் 5 அங்குலக் கனமும் உள்ள தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. 5 அங்குலத்தை 12-ஆல் வகுத்தால் 0.4167 அடி, பெருக்கினால் 250 கன அடி வரும். இந்த இடத்தில் 5 அங்குலத்தை 0.5 அடி என்று அவசரத்தில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் 300 கன அடியாகி, சிமெண்டுச் செலவு ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகத் தோன்றும். 250-ஐ 35.31-ஆல் வகுக்க, 7.08 கன மீட்டர். சரிபார்க்க விரும்புவோர் 9.144, 6.096, 0.127 என்று மூன்று அளவுகளையும் முதலிலேயே மீட்டராக்கிப் பெருக்கிப் பார்க்கலாம். அதே விடை வரும்.

இனிச் சிமெண்டுக்கு வருவோம். கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை குறைந்தபட்சமாக விதிப்பது எம்-20 என்னும் தரம். அதற்கு வழக்கமாகக் கொள்ளும் விகிதம் சிமெண்டு 1 பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி 3 பங்கு. ஆக மொத்தம் ஐந்தரைப் பங்கு. ஆனால் 7.08-ஐ நேரே 5.5-ஆல் வகுத்துவிடலாகாது. ஜல்லிக் கற்களின் இடையே உள்ள வெற்றிடங்களில் மணல் புகுந்துவிடுகிறது. மணலின் இடுக்குகளில் சிமெண்டுக் குழம்பு புகுந்துவிடுகிறது. ஆகையால் தனித்தனியே அளந்த உலர்ந்த பொருள்கள் தண்ணீருடன் கலந்து இறுகும்போது, மொத்தக் கொள்ளளவு மிகவும் சுருங்கிப்போகிறது. ஒரு கன மீட்டர் இறுகிய கான்கிரீட்டுக்கு 1.54 கன மீட்டர் உலர்ந்த பொருள் வேண்டும் என்பது அநுபவத்தில் நிலைத்த பிரமாணம்.

அதன்படி 7.08-ஐ 1.54-ஆல் பெருக்க 10.9 கன மீட்டர். அதை ஐந்தரையால் வகுக்க, சிமெண்டின் பங்கு 1.98 கன மீட்டர். உதிரியான சிமெண்டு கன மீட்டருக்கு 1,440 கிலோ எடையுள்ளது; ஆகவே ஏறத்தாழ 2,850 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 57 மூட்டை. சிந்துவதற்கும் சேதத்துக்கும் இரண்டு சேர்த்து 59 என்று கொள்ளலாம். மணல் 105 கன அடியும் ஜல்லி 210 கன அடியும் ஆகும். ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல் மணல், இரண்டு யூனிட்டுக்குச் சற்றே மேல் ஜல்லி.

இதே கணக்கை வேறொரு வழியில் பார்த்தால், ஒரு மூட்டை சிமெண்டு 4.4 கன அடி கான்கிரீட்டைத் தருகிறது. 5 அங்குலத் தளமானால் 100 சதுர அடிக்கு ஒன்பதரை மூட்டை. மனத்தில் பதித்துக்கொள்வதற்கு இதுவே மிகவும் சுலபமான எண்.

தளத்தோடு சேர்த்து வார்க்கும் உத்திரத்தை மறந்துவிடுவதனால்தான் வேலை நடுவில் மூட்டை தீர்ந்துபோகிறது. தளத்துக்குக் கீழே தொங்கும் ஆழத்தை மட்டுமே உத்திரக் கணக்கில் சேர்க்க வேண்டும். மேல் 5 அங்குலம் ஏற்கெனவே தளத்தில் அடங்கிவிட்டது. மேற்சொன்ன தளத்தின் நான்கு ஓரங்களிலும் 9 அங்குல அகலமும், தளத்தின் கீழ் 12 அங்குல ஆழமும் கொண்ட உத்திரம் சுமார் 100 அடி ஓடுமானால், அது 75 கன அடி; மேலும் 17 மூட்டை.

மணலின் ஈரமும் கணக்கைக் குலைக்கும். சிறிது ஈரமுள்ள மணலின் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் பற்றி அவற்றை விலக்கி வைப்பதால், மணல் உப்பிக் காட்டுகிறது. பெட்டி நிறைந்தாலும் உள்ளே இருக்கும் மணல் குறைவு. கலவையில் மணல் போதாமல் ஜல்லி தனித்து நின்று, பலகை பிரித்த பின் தேன்கூடுபோல் ஓட்டைகள் தெரியும். ஒரு கண்ணாடிக் குவளையில் 20 செண்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமணலை நிரப்பி, நீர் ஊற்றிக் கிளறித் தெளியவிட்டுப் பாருங்கள். மணல் 16 செண்டிமீட்டருக்கு இறங்கினால், உப்பல் 16-க்கு 4, அதாவது 25 சதவீதம். அன்று மணலை அளக்கும்போது நாலுக்கு ஐந்து பெட்டியாகக் கொள்ள வேண்டும்.

மூட்டைக் கணக்கின் மிகப் பெரிய பயன், வாங்கும்போது அன்று, வார்க்கும்போது தெரிகிறது என்பது என் துணிபு. தளத்தின் கனம் அரை அங்குலம் கூடினால், 600 சதுர அடியில் 25 கன அடி கூடும். ஏறத்தாழ 6 மூட்டை மிகுதியாகச் செலவாகும். சென்டரிங் பலகை நடுவில் தொய்ந்திருந்தாலும் இதுவே நேரும். மாறாக, 57 மூட்டை வேண்டிய தளம் 50 மூட்டையிலேயே முடிந்துவிட்டதென்றால், தளம் மெலிந்துவிட்டது, அல்லது கலவையில் சிமெண்டு குறைந்துவிட்டது. இவ்விரண்டில் எது என்றறிய, கான்கிரீட் இறுகுமுன் அங்குலக் கோடிட்ட கம்பி ஒன்றைச் சுமார் பத்து இடங்களில் செங்குத்தாக இறக்கி ஆழம் பாருங்கள். எங்கும் 5 அங்குலம் இருந்தால், குறை கலவையில்தான். ஆகையால் தளம் வார்க்கும் நாளில், காலிச் சாக்குகளைத் தாங்களே எண்ணி முடிக்கும் வரை எவரும் எடுத்துச் செல்ல விடாதீர்கள்.