வரைபடத்தில் கட்ஆஃப் எங்கே இருக்கிறது?

அழுத்தத்தை அளக்கும் ஓர் உணரி நொடிக்கு 1000 அளவீடுகளை மைக்ரோகன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. உண்மையான அழுத்தம் மெதுவாகத்தான் மாறும். ஆனால் பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அளவீட்டோடு கலந்து வருகிறது. இதைக் குறைக்கப் பலரும் முதலில் எழுதுவது இந்த ஒரே வரியைத்தான்:

```
y = y + 0.1 * (x - y)
```

புதிதாக வந்த அளவீடு x. இதுவரையிலான மென்மையான மதிப்பு y. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் y ஏற்றுக்கொள்கிறது. மெதுவான மாற்றத்தை அது தொடர்ந்து பின்பற்றிவிடும். வேகமாக ஏறி இறங்கும் இரைச்சலைப் பின்பற்ற அதற்கு நேரம் போதாது. எளிமையான டிஜிட்டல் லோ-பாஸ் ஃபில்டர் என்பது இவ்வளவுதான். ஆனால் 0.1 என்ற எண்ணைப் பார்த்து, எந்த அதிர்வெண்ணுக்கு மேல் இது தடுக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு ஃபில்டரின் அதிர்வெண் வரைபடத்தை வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உள்ளே போகும் அலையில் எத்தனை பங்கு வெளியே வருகிறது என்பதை அந்த வளைகோடு காட்டும்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு இது சில வரி வேலை:

```
import numpy as np
from scipy.signal import freqz
f, h = freqz([0.1], [1, -0.9], worN=8192, fs=1000)
g = abs(h) / abs(h[0])
print(f[np.argmax(g <= 0.7071)])
```

வளைகோடு இடது ஓரத்தில் 1-இல் தொடங்கி வலப்புறம் சரிகிறது. 5 ஹெர்ட்ஸில் 0.96 மிஞ்சுகிறது, சுமார் 16.8 ஹெர்ட்ஸில் அது 0.707 ஆகிறது. அந்த இடம்தான் கட்ஆஃப். 0.707 ஏன்? அலையின் ஆற்றல் அதன் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.707-இன் வர்க்கம் ஏறத்தாழ 0.5. அதாவது, ஆற்றல் சரிபாதியாகக் குறையும் இடம் அது. டெசிபல் கணக்கில் 3 டெசிபல் இறக்கம்.

அங்கே சுவர் எதுவும் எழும்புவதில்லை. மின்சார இரைச்சலின் 50 ஹெர்ட்ஸ், கட்ஆஃபைப் போல மூன்று மடங்கு. இருந்தும் அங்கே 32 சதவீதம் உள்ளே வந்துவிடுகிறது. வளைகோட்டின் கடைசி முனையான 500 ஹெர்ட்ஸில்கூட 5 சதவீதம் மிச்சமிருக்கும். "கட்ஆஃப் 16.8, இரைச்சல் 50, ஆகவே இரைச்சல் போய்விட்டது" என்று முடிவு கட்டினால், திரையில் அலை ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

வளைகோட்டைப் படிப்பதில் நேரும் பெரிய பிழை வேறொன்று. சிலர் 0.1-ஆல் பெருக்குவதை விட்டுவிட்டு `y = x + 0.9 * y` என்று எழுதுவார்கள். வளைகோட்டின் வடிவம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் பத்து மடங்காகிவிடும்: இடது ஓரத்தில் 1 இருந்த இடத்தில் இப்போது 10, அதாவது 20 டெசிபல். கட்ஆஃப் மாறவில்லை, அதே 16.8 ஹெர்ட்ஸ்தான். ஆனால் −3 டெசிபல் கோட்டை அப்படியே தேடிப் போகிறவர் 267 ஹெர்ட்ஸில் போய் நிற்பார். கோட்டின் தொடக்க உயரமான 20-இலிருந்து 3 இறங்கி, 17 டெசிபலில்தான் பார்க்க வேண்டும். மேலே உள்ள நிரலில் `abs(h[0])`-ஆல் வகுப்பது இதற்காகவே.

கிடைக்கோட்டின் அலகையும் கவனிக்க வேண்டும். `fs` கொடுக்காவிட்டால் freqz ஹெர்ட்ஸில் சொல்லாது. ஒரு சாம்பிளுக்கு எத்தனை ரேடியன் என்று 0 முதல் π வரை எண்களைத் தரும். அப்போது கட்ஆஃப் 0.1055 என்று வரும். அதை 2π-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 16.8. சாம்பிள் வேகம் உள்ளே வருவதால், அதே வரியை நொடிக்கு 2000 அளவீடுகளில் ஓட்டினால் கட்ஆஃப் 33.6 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். உணரியை வேகமாக்கியவர் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே ஃபில்டரை மாற்றிவிடுகிறார்.

சில வளைகோடுகளில் கட்ஆஃபே இருக்காது. 0.1-க்குப் பதில் 0.9 போட்டால், கோடு 500 ஹெர்ட்ஸ் முனை வரை போயும் 0.82-க்குக் கீழே இறங்குவதில்லை. இந்த வகை ஃபில்டரில் அந்த எண் சுமார் 0.828-ஐத் தாண்டினாலே இதே நிலைதான். மேலே உள்ள நிரலை இதற்கும் ஓட்டினால் (`[0.9], [1, -0.1]` என்று மாற்றி) அது 0 என்று அச்சிடும். தேடியது கிடைக்காதபோது `argmax` முதல் இடத்தைக் காட்டிவிடுவதே காரணம். ஆகவே எண்ணை எடுக்கும் முன், கோடு 0.707-ஐ உண்மையில் கடக்கிறதா என்று `g.min()`-ஐ ஒருமுறை பார்ப்பது அவசியம்.