மழைப் பலகையில் 0 எழுதுவதற்கு முன்

டெல்டாவில் ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் வாசலில் மழைப் பலகை வைத்தால், சம்பாவுக்கு மேலுரம் இடலாமா, வடிகாலைத் திறக்கலாமா என்று முடிவெடுக்க விவசாயிகள் அதைப் பார்ப்பார்கள். அதில் 16-ஆம் தேதிக்கு எழுதும் அளவு, 15-ஆம் தேதி காலை 8.30 முதல் 16-ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. நாடு முழுவதும் இந்திய வானிலைத் துறை பின்பற்றும் முறை இது.

சிக்கல் தகவல் வராத மழைமானியில்தான் இருக்கிறது. பலகையில் அந்த ஊரின் கட்டத்தைக் காலியாக விடப் பலருக்கும் மனம் வராது, 0 எழுதிவிடுவார்கள். மழை பெய்யவில்லை என்பது ஒரு செய்தி, தெரியவில்லை என்பது வேறு செய்தி. பருவத்தின் கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றாகக் கலந்தால், நனைந்த ஊர் வறண்ட ஊராகிவிடும். தகவல் இல்லாத இடத்தில் கோடு போடுவதே சரி.

மானியே அனுப்பும் 0-வையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தானியங்கி மானியில் புனல் வழியே விழும் நீர் சிறு கிண்ணத்தைச் சாய்க்கும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. புனலில் சருகோ பறவை எச்சமோ அடைத்தால், கொட்டும் மழையிலும் கிண்ணம் அசையாது. அக்கம்பக்க மானிகள் எல்லாம் 30 மி.மீ.க்கு மேல் காட்டும்போது ஒன்று மட்டும் 0 காட்டினால் சந்தேகப்பட வேண்டும். வானம் வெளுத்த பிறகும் அதே மானி மணிக்கணக்கில் சிறுகச்சிறுக மழை காட்டினால் அடைப்பு ஏறக்குறைய உறுதி. தேங்கிய நீர் மெல்லக் கசிகிறது.

கோடு போட்ட இடத்துக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் அக்கம்பக்க மழையின் சராசரியை எடுப்பதைவிட நல்ல வழி உண்டு. அண்டை ஊர்கள் மூன்றின் ஆண்டு இயல்பு மழை 1200, 900, 1100 மி.மீ. என்றும், அன்று பெய்தது 48, 27, 55 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இயல்பில் முறையே 4, 3, 5 விழுக்காடு பெய்திருக்கிறது, சராசரி 4. தகவல் வராத ஊரின் இயல்பு 1000 மி.மீ. என்றால் மதிப்பீடு 40 மி.மீ. அதை வேறு நிற எழுத்தில் ‘மதிப்பீடு’ என்ற குறிப்போடு எழுத வேண்டும். காற்றழுத்தத் தாழ்வுநிலையால் மாவட்டமே நனையும் நாளில் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கோடை இடிமழையிலோ ஓர் ஊர் நனையும், அடுத்த ஊர் காயும். அன்று கோட்டை அப்படியே விடுவதுதான் நேர்மை.

தாமதமாக வரும் தகவலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஞாயிறு அளக்காமல் விட்டுத் திங்களன்று மானியில் 60 மி.மீ. இருந்தால், அது இரண்டு நாள் மழை. நம்பகமான அண்டை மானி ஞாயிறு 30, திங்கள் 10 காட்டியிருந்தால், 60-ஐ அதே விகிதத்தில் 45, 15 எனப் பிரிக்கலாம். இவையும் மதிப்பீடுகளே, ஆனால் கூட்டுத்தொகையில் சேரும் 60 அளந்தது. ஞாயிறுக்கு ஏற்கெனவே அண்டை மழையை வைத்து ஒரு மதிப்பீடு எழுதியிருந்தால், முதலில் அதை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழை இருமுறை கணக்கில் ஏறும்.