அரைவட்டம் திறந்த ஷட்டர்

ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) படத்தில் ஒமாஹா கடற்கரைச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த மண் நினைவிருக்கும். குண்டு வெடித்ததும் துகள் துகளாகச் சிதறும். ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். வீரர்கள் ஓடும்போது அசைவு வெட்டி வெட்டி வரும். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி வழக்கமான 180 டிகிரி ஷட்டரை விட்டு, 90, 45 டிகிரிகளில் அந்தச் சண்டையைப் படமாக்கினார்.

டிகிரி என்பது பிலிம் கேமராவிலிருந்து வந்த கணக்கு. பிலிமுக்கு முன்னால் ஒரு வட்டத் தகடு சுழலும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு சுற்று. தகட்டில் பாதி திறப்பு, பாதி மறைப்பு. மறைப்பு கடக்கும் நேரத்தில் பிலிம் அடுத்த ஃபிரேமுக்கு நகர்ந்துவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், ஒவ்வொன்றின் மீதும் 1/48 நொடி ஒளி விழும். டிஜிட்டல் கேமராவில் தகடு இல்லாவிட்டாலும் கணக்கு அதேதான்: 24, 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50.

திரையைக் குறுக்காக 2 நொடியில் கடக்கும் ஒரு பைக்கை எடுத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 1920 புள்ளி. 48 ஃபிரேமில் கடப்பதால், ஃபிரேமுக்கு 40 புள்ளி நகர்கிறது. 180 டிகிரியில் அதில் 20 புள்ளி தூரம் இழுபட்டு மங்கலாகப் பதியும். மீதி 20 இடைவெளி. அந்த இழுப்பு பைக் போகும் திசையைக் காட்டுவதால், கண் இடைவெளியைப் பொருட்படுத்தாமல் ஓட்டமாகவே பார்க்கிறது. 45 டிகிரியில் மங்கல் 5 புள்ளிதான், இடைவெளி 35. ஒவ்வொரு படமும் கூர்மையாக இருக்கும். பைக்கோ தாவித் தாவிப் போகும். போர்க்களத்தில் அந்தத் தாவல் பதற்றமாகிறது. கல்யாண ஊர்வலத்தில் அதுவே உறுத்தும். 360 டிகிரிக்குப் போனால் இடைவெளியே இருக்காது, அசைவு குழைந்து கனவு போலாகும்.

செல்போனில் நண்பகலில் எடுத்த வீடியோ தாவித் தாவித் தெரிவதற்கும் இதுதான் காரணம். போனின் லென்ஸ் துளை பெரும்பாலும் மாறாது. வெளிச்சம் அதிகமானால் ஆட்டோ முறை ஷட்டர் நேரத்தைத்தான் குறைக்கும். அது 1/1600-க்குப் போயிருந்தால், 1/50-க்குத் திருப்பும்போது 32 மடங்கு ஒளி கூடிப் படம் வெளுத்துவிடும். அந்த மிகுதியைத் தடுக்க ‘என்டி 32’ என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டரை லென்ஸின் முன் மாட்ட வேண்டும். துளையைச் சுருக்கக்கூடிய கேமராவிலும், பின்புலம் மங்கலாக வேண்டுமென்றால் ஃபில்டர்தான் வழி.

180 டிகிரியைச் சட்டமாக நினைக்க வேண்டியதில்லை, வேண்டுமென்றே மீறலாம். ஆனால் ஷட்டரை ஆட்டோவில் விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நிழலிலிருந்து வெயிலுக்கு ஒருவர் நடந்து வந்தால், ஒரே ஷாட்டுக்குள் அசைவின் தன்மை மாறிவிடும்.

வீட்டுக்குள் இன்னொரு கணக்கும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டும் சில எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/60 வைத்தால் படத்தில் பட்டை ஓடலாம். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஓடாது.