45,000 ரூபாய்க்கு 16 நாள் வேலை: ப்ரொபோசல் மெயில்ல நான் எழுதாம விட்ட நாலு வரி

போன வீடியோல சைடு இன்கம் பத்திப் பேசும்போது, கன்சல்டிங் வேலைக்கு முதல் மீட்டிங் முடிஞ்சதும் அனுப்புற ப்ரொபோசல் மெயிலைப் பத்தி ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். அதை இங்க கொஞ்சம் நிதானமா பார்க்கலாம். உதாரணத்துக்கு நான் நல்லா அடிபட்ட இடத்தையே எடுத்துக்கறேன்: நீலகிரி தேயிலைத் தொழிற்சாலை.

சேனல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் எனர்ஜி ஆடிட் வேலையில இருந்தேன். இப்பவும் வருஷத்துக்கு ரெண்டு மூணு பண்றேன். ஒரு தொழிற்சாலையில கரண்டும் விறகும் எங்க வீணாகுதுன்னு அளந்து சொல்றதுதான் வேலை. நீலகிரியில இதுக்குத் தேவை எப்பவும் உண்டு. சிறு விவசாயிகள்கிட்ட பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கிற தொழிற்சாலைகள் அங்க நிறைய இருக்கு. விதரிங் ஃபேன், சிடிசி மெஷின் எல்லாம் கரண்டுல ஓடும். டிரையருக்குச் சூடு பெரும்பாலும் விறகுலதான். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேணும். அத்தனை ஈரத்தையும் காத்தும் நெருப்பும்தான் இழுத்தாகணும்.

வேலையை விட்ட ரெண்டாவது மாசம், கோத்தகிரி பக்கம் ஒரு தொழிற்சாலை முதலாளி கூப்பிட்டார். நல்லா பேசினார், டீ கொடுத்தார், ஃபேக்டரி முழுக்க சுத்திக் காட்டினார். கிளம்பும்போது "தம்பி, எவ்வளவு ஆகும்னு ஒரு மெயில் போட்டுடுங்க"ன்னார். அன்னிக்கு ராத்திரியே போட்டேன். மூணே வரி: பேசினபடி எனர்ஜி ஆடிட், 45,000 ரூபாய், மூணு வாரம். 9 நாள் வேலை, நாளுக்கு 5,000. அவ்வளவுதான் என் கணக்கு.

அளக்கப் போன அன்னிக்கு மழை, இலை வரத்து பாதிக்கும் கீழே. ஃபேக்டரி அரை ஓட்டம். அரை ஓட்டத்துல எடுத்த அளவை வெச்சு வருஷச் செலவைச் சொல்ல முடியாது. அதனால அடுத்த வாரம் மறுபடி போனேன், கருவி வாடகை மறுபடி 8,000. இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். காலைல 9 மணிக்குப் போய் 5 மணிக்குத் திரும்பறதுன்னு திட்டம். ஆனா இலை வந்து சேர்றதே சாயங்காலம். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி இலையை வாட்டும், விடியற்காலைல சிடிசி ஆரம்பிக்கும். ராத்திரி தங்காம ஃபேனோட செலவை அளக்கவே முடியாது. பிறகு "அப்படியே சோலாருக்கும் ஒரு கணக்கு போட்டுடுங்க தம்பி"ன்னார். முடியாதுன்னு எப்படிச் சொல்றது? எது என் வேலை, எது இல்லைன்னு நான் எழுதவே இல்லையே.

மொத்தம் 16 நாள் ஆச்சு. ரெண்டு தடவை கருவி வாடகை 16,000 போக 29,000. நாளுக்கு சுமார் 1,800. இதுல பஸ், ரூம் செலவை நான் இன்னும் கழிக்கலை. முதலாளி என்னை ஏமாத்தலைங்கறதையும் சொல்லிடறேன். அவர் கேட்டார், நான் செஞ்சேன்.

அடுத்த வேலை குன்னூர் பக்கம் வந்தது. முதல் பேச்சுலயே நான் பேசறதைக் குறைச்சுட்டு, கேள்வி கேட்டு நோட்ல எழுதினேன். ஒரு நாளைக்கு எவ்வளவு இலை அரைப்பீங்க? எந்த மாசம் ஃபுல்லா ஓடும்? விறகை எடை போட்டுத்தான் அடுப்புல போடறீங்களா? "ஏப்ரல் கடைசி, மே வந்தா 15,000 கிலோ வரைக்கும் வரும். விறகை யாருங்க எடை போடறா"ன்னு சிரிச்சார். இந்த பதில்கள்தான் பிறகு மெயில்ல அனுமானங்கள்ங்கற பகுதியா மாறுச்சு. மறுநாள் மதியத்துக்குள்ள மெயில் போயிடுச்சு. ரெண்டு நாளுக்கு மேல தள்ளினா அவருக்கும் மறந்துடும், நமக்கும் மறந்துடும்.

மெயிலோட முக்கியப் பகுதி இதோ. நிஜத்துல ஆங்கிலத்துலதான் அனுப்பினேன், இங்க தமிழ்ல போடறேன்.

"மதிப்பிற்குரிய சார், நேற்று உங்கள் தொழிற்சாலையில் பேசியதன்படி இந்த முன்மொழிவை அனுப்புகிறேன். மின்சாரச் செலவையும் விறகுச் செலவையும் குறைக்க வேண்டும் என்றும், முதலில் எதில் பணம் போடுவது என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

வேலை: விதரிங் ஃபேன்கள், சிடிசி லைன், டிரையர், ஹீட்டர் ஆகியவற்றை, இலை வந்து இறங்குவதிலிருந்து தூள் வரும் வரை இரண்டு முழுச் சுற்றுகள் அளப்பேன். இரவு நேரமும் இதில் அடங்கும். எந்த மாற்றத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை மாதத்தில் திரும்ப வரும் என்று அறிக்கை தருவேன். சோலார் திட்டம், மின்வாரிய அலுவலக வேலைகள், மெஷின் வாங்கித் தருவது, மிச்சத்துக்கு உத்தரவாதம் ஆகியவை இதில் இல்லை.

காலம்: முன்பணமும் விவரங்களும் கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரம்.

கட்டணம்: 9 நாள் வேலைக்கு 90,000 ரூபாய். கருவி வாடகை 8,000. மொத்தம் 98,000. பயணம், தங்கும் செலவு பில்படி, 12,000-க்கு மிகாமல். 40 சதவீதம் முன்பணம், 40 சதவீதம் வரைவு அறிக்கை தரும்போது, 20 சதவீதம் இறுதி அறிக்கைக்குப் பிறகு 15 நாளில். இந்தக் கட்டணம் 15 நாள் வரை செல்லும்."

நாளுக்கு 10,000 எப்படி வந்துச்சு? சம்பளத்துல இருக்கிறவங்க பெரும்பாலும் தப்பு பண்ற இடம் இதுதான். மாசம் ஒரு லட்சம் சம்பளம், 25 நாளால வகுத்தா 4,000, கொஞ்சம் சேர்த்து 5,000ன்னு போட்டுடறோம். ஆனா தனியா வேலை பார்க்கும்போது வருஷத்துல பாதி நாளுக்குத்தான் பில் போட முடியும். மீதி நாள் ஆள் தேடறதுக்கும், இந்த மாதிரி மெயில் எழுதறதுக்கும், பணத்துக்குக் காத்திருக்கறதுக்கும் போயிடும். அதனால 12 லட்சத்தை 120 நாளால வகுத்தேன். பிஎஃப், மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் இனி நம்ம கையிலதான்னு பார்த்தா இதுவே கம்மி.

98,000 முழுசா அக்கவுண்ட்ல வராது. கம்பெனி தொழில்முறைக் கட்டணம் தரும்போது, ஒரு நிதியாண்டுல 50,000 தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். இங்க 9,800 போய் 88,200 வரும். பிடிச்சது உங்க பான்ல வரவாகும், ரிட்டர்ன்ல கணக்கு காட்டிக்கலாம். முன்பணம் 39,200-லயே 3,920 குறைஞ்சு 35,280 வந்தா பதறாதீங்க. ஜிஎஸ்டி பதிவு இருந்தா 18 சதவீதம் தனின்னு மெயில்லயே எழுதணும். வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்து பதிவு எடுக்காதவங்க ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முதல் மெயில்ல இல்லாத நாலு வரி இதுதான்:

"அனுமானங்கள்: ஒன்று, அளக்கும் நாட்களில் குறைந்தது 10,000 கிலோ பச்சை இலை ஓடும். குறைந்தால் அன்றைய அளவீடு தள்ளிப்போகும். கூடுதல் நாளுக்கு 10,000 ரூபாயும் பயணச் செலவும் சேரும். இரண்டு, கடந்த 12 மாத மின்வாரிய பில், விறகு வாங்கிய கணக்கு, மாதவாரி தூள் உற்பத்தி ஆகியவை முன்பணத்தோடு ஐந்து நாளில் கிடைக்கும். தாமதமானால் கடைசித் தேதியும் அத்தனை நாள் தள்ளும். மூன்று, அளக்கும் நாட்களில் விறகை எடை போட ஒரு தராசும் ஒரு ஆளும் தொழிற்சாலை தரும். நான்கு, மண்சரிவு அல்லது மழை எச்சரிக்கையால் மலைப்பாதை மூடினால் தேதி மாறும். அதற்கு இரு தரப்புக்கும் கூடுதல் செலவு இல்லை."

ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு பாதி இருக்கு பாருங்க. முதல் பாதி நான் எதை நம்பி விலை போட்டேன்ங்கறது. ரெண்டாவது பாதி, அது நடக்கலைன்னா என்ன ஆகும்ங்கறது. நிறைய பேர் முதல் பாதியோட நிறுத்திடுவாங்க. "போதுமான இலை இருக்கும் என்று எண்ணுகிறோம்"னு எழுதினா மழை வந்த அன்னிக்கு அது ஒண்ணுக்கும் உதவாது. போதுமானதுங்கறதுக்கு கிலோ கணக்கு வேணும், தள்ளிப்போற நாளுக்கு ரூபாய் கணக்கு வேணும். விறகு வரி சின்னதாத் தெரியும். ஆனா ஈர விறகைப் போட்டா அதுல இருக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கவே சூடு போயிடும். எடையும் ஈரப்பதமும் தெரியாம டிரையரைப் பத்தி நான் சொல்றதெல்லாம் ஊகம்தான்.

(இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்குள்ள போக இ-பாஸ் வேணும்னு வந்தது, பிறகு சீசன்ல எண்ணிக்கை வரம்பும் வந்தது. கருவியை கார்ல ஏத்திட்டுப் போறவங்க அளக்கற தேதி முடிவானதும் அதை எடுத்து வெச்சுடுங்க.)

மெயில் கடைசியில "சம்மதம் என்றால் இதற்குப் பதிலாக 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அனுப்புங்கள்"னு கேட்டேன். மின்னணு முறையில ஏற்பட்ட ஒப்பந்தம்ங்கற ஒரே காரணத்துக்காக அது செல்லாமப் போகாதுன்னு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துலயே இருக்கு. உத்யம் பதிவு எண்ணையும் கீழ போட்டேன். அந்தப் பதிவு இலவசம். குறு, சிறு நிறுவனமா பதிவு இருந்தா, வாங்கினவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும். ஆனா வேலைக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும். இன்னும் சம்பள வேலையில இருக்கிறவங்க, இதுக்கெல்லாம் முன்னாடி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுடுங்க.

மூணாவது நாள் போன் வந்தது. "எல்லாம் சரி தம்பி, 85,000-க்கு முடிச்சுக்கலாமே?" விலையை மட்டும் குறைச்சா முதல்ல சொன்னது பொய்னு ஆயிடும். அதனால வேலையில ஒண்ணைக் கழிச்சேன். அந்த 9 நாள்ல ஒண்ணு, அறிக்கையை நேர்ல வந்து விளக்கறது. "அதை போன்ல ஒரு மணி நேரம் வெச்சுக்கலாம் சார், 88,000 ஆகும்"னேன். சரின்னார். திருத்தின மெயிலுக்கு "ஒப்புக்கொள்கிறேன்" வந்துடுச்சு.

அளக்கப் போன ரெண்டாவது நாள் இலை 7,000 கிலோதான். அன்னிக்கு சாயங்காலமே ஒரு மெயில்: இன்றைய வரத்து இவ்வளவு, முதல் அனுமானத்தின்படி இன்னொரு நாள் தேவை. அவர் ஒண்ணும் சொல்லலை, "வியாழக்கிழமை வாங்க, இலை நல்லா இருக்கும்"னார். அறிக்கை போன பிறகு மறுபடி போன். மகனும் கணக்காளரும் கூட உட்கார்ந்து கேட்கணுமாம், நேர்லயே வந்துடுங்கன்னார். போனேன். அந்த ஒரு நாளுக்குத் தனியா 10,000 பில் போட்டேன்.