மறைந்த படம் எங்கே போகிறது?

காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல, 2014-இல் வெளிவந்த ஸ்னாப்சாட் விவகாரமே போதும். சில நொடிகளில் படம் மறைந்துவிடும் என்றது அந்தச் செயலி. அது உண்மையல்ல என்றது அமெரிக்க வர்த்தக ஆணையம். வீடியோ, பெற்றவரின் போனிலேயே பூட்டில்லாத இடத்தில் கிடந்தது. போனைக் கணினியில் இணைத்து அதை எடுத்துவிட முடிந்தது. வேறொரு செயலி வழியாகத் திறந்தாலும் அப்போது படம் தங்கிவிட்டது.

ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும் செயலிகள் இன்று உண்டு. ஆனால் திரையை இன்னொரு போனால் படமெடுத்தால் அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே, அனுப்பும் முன்பே யோசிக்க வேண்டும்.

படம் பரவிவிட்டதா? பிள்ளையைத் திட்டாதீர்கள், அது பயத்தில் மறைக்கும். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம் என்றால், பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம்.