பாட்டியின் ஊறுகாய்க்கு நார்வே முதலாளி

பெங்களூருப் பாட்டிமார் பலருக்கு எம்.டி.ஆர். ஊறுகாய் என்றால் அது மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஓட்டலின் கைப்பக்குவம். சீசாவைத் திருப்பி, தயாரிப்பாளர் முகவரியைப் பேரப்பிள்ளை படித்துக் காட்டினால் அவர்கள் நம்ப மறுப்பார்கள். அதில் இருப்பது ஆர்க்லா இந்தியா என்ற பெயர்.

1924இல் மையா சகோதரர்கள் தொடங்கிய ஓட்டல் அது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல்களுக்கு விலைக் கட்டுப்பாடு வந்து நஷ்டம் கடித்தபோது, குடும்பம் ரவா இட்லி மாவு போன்ற பாக்கெட் உணவுகளில் இறங்கியது. அந்தப் பாக்கெட் தொழிலை 2007இல் நார்வேயின் ஆர்க்லா வாங்கியது. அது 1654இல் சுரங்கத் தொழிலாகப் பிறந்த குழுமம்! கேரளத்தின் ஈஸ்டர்ன் மசாலாவும் பின்னர் அதன் கைக்கே போனது.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டல் கைமாறவில்லை. அதை இன்றும் மையா குடும்பமே நடத்துகிறது. பெயர் ஒன்று, முதலாளிகள் இருவர்.

உரிமையாளர் மாறினால் ருசியும் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் சீசாவின் முன்பக்கம் பிராண்டை மட்டுமே சொல்லும். தயாரிப்பாளர் யாரென்று அறிய, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.