ஒற்றை ஓட்டையும் இரட்டைக் கீறலும்

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது வண்டிக்காரரும் குனிந்து பார்ப்பது நல்லது. குமிழி ஒரே புள்ளியிலிருந்து, அதுவும் தரையைப் பார்த்த பக்கத்திலிருந்து வந்தால், அது முள்ளோ ஆணியோ கண்ணாடிச் சில்லோ செய்த வேலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் எதுவுமே குத்தவில்லை என்று பொருள். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதியபோது டயர் முழுக்க நசுங்கி, ரிம்மின் இரண்டு ஓரங்களும் டியூபைக் கடித்துவிட்டன. முதல் வகைக்கான வைத்தியம் இரண்டாவதற்கு உதவாது.

கடிபடுவது காற்று குறைவாக இருப்பதால்தான். அதனால் டயரைக் கல் மாதிரி ஏற்றிக்கொள்வது நம் ஊரில் பழக்கம். ஆனால் டயர் எவ்வளவு அகலம் என்று பார்க்காமல், இவ்வளவு காற்று போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்கு எளியது. வண்டியின் பாரத்தை ரப்பரைவிடக் காற்றுதான் தாங்குகிறது. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 15, சாப்பாட்டுப் பையும் மற்றதும் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85 கிலோ. இதில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது சுமார் 50 கிலோ, பின்சக்கரத்தின் மேல் இறங்கும். 28 மி.மீ. அகல டயரில் 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால், சாலையைத் தொடும் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. 40 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐ வைத்தால் 14 சதுர செ.மீ. அகல டயரில் காற்று குறைவு, ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே உயரம் அதிகம். அந்தக் கூடுதல் உயரம்தான் பள்ளத்தின் விளிம்பைச் சமாளிக்கிறது.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை இங்கே நம்ப முடியாது. விரல் உணர்வது பெரும்பாலும் டயரின் துணிச்சுவர் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதைத்தான். அந்த விறைப்பு, காற்றழுத்தத்தையும் டயரின் அகலத்தையும் பெருக்கினால் வருவது. 28 மி.மீ. டயரில் 80 பிஎஸ்ஐயும், 40 மி.மீ. டயரில் 56 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். அகல டயரை மெல்லிய டயருக்குரிய அழுத்தத்துக்கு ஏற்றினால் துணியின் மேல் தேவையில்லாத இழுவிசை விழுகிறது.

அதிகக் காற்று என்றால் அதிக வேகம் என்ற நம்பிக்கை வழவழப்பான தளத்தில் ஓரளவு உண்மை. அங்கே டயர் நசுங்கி விரிவதில் வீணாகும் சக்தி குறைகிறது. ஜல்லி பெயர்ந்த தெருவில் கதை மாறுகிறது. இறுகிய டயர் கல்லை உள்வாங்காது. வண்டியையும் ஆளையும் ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கிப் போடும். மிதித்துச் சேர்த்த சக்தி நம் தசைகளின் அதிர்வில் கரைந்துபோகும். காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்டு டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் அதை முதலில் செய்தார். கரடான தெருவில் வண்டி குலுங்கியதற்கு அவர் கண்ட விடை அது. அதைக் கல்லாக இறுக்கிவிட்டால் அவர் செய்ததையே நாம் அழிக்கிறோம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ பல டயர்களை அளந்து, பாரம் ஏறும்போது டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்குவது நல்ல நிலை என்று வைத்தார். 40 மி.மீ. டயருக்கு அது 6 மி.மீ. ஆள் இல்லாமல் ரிம்மின் கீழ் ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பையோடு ஏறி, சுவரைப் பிடித்தபடி உட்காருங்கள். இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். 3 மி.மீ.தான் இறங்கியது என்றால் காற்று அதிகம். 10 இறங்கினால் அடுத்த பள்ளத்தில் இரட்டைக் கீறல் நிச்சயம் என்றே நினைக்கலாம். பாரம் குறைவான முன்சக்கரத்துக்குப் பின்சக்கரத்தைவிடக் குறைந்த காற்றே போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாண்டக்கூடாத எல்லை. அந்த அளவுக்கு ஏற்றியாக வேண்டும் என்பதில்லை.

முள் விஷயத்தில் அழுத்தத்தை மாற்றிப் பெரிய பயன் இல்லை. அங்கே முக்கியம், சாலையைத் தொடும் பரப்புக்கும் டியூபுக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதுதான். தேய்ந்த டயரில் இந்தத் தடிமன் போய்விடுகிறது. பஞ்சர் தடுப்பு டயர்களில் உள்ளே ரப்பராலோ நெருக்கமாக நெய்த இழையாலோ ஒரு பட்டை இருக்கும். நெருஞ்சி முள்ளை அது தடுக்கும். கண்ணாடிச் சில்லைத் தாமதப்படுத்தும். சில்லு ஒரேயடியாக உள்ளே போவதில்லை, சக்கரம் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். வாரம் ஒருமுறை ஊசியால் நெம்பி எடுத்தால் பல பஞ்சர்கள் நிகழாமலே போகும். சில செ.மீ. நீளமுள்ள சீமைக்கருவேல முள் நேராக ஏறினால் எந்தப் பட்டையும் நிற்காது. தடித்த பட்டைக்கு விலையும் உண்டு: டயர் கனக்கும், வளைந்து கொடுக்காது, மிதிக்கக் கூடுதல் சக்தி கேட்கும். முள் நிறைந்த பாதை என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். பள்ளம் மட்டுமே தொல்லை என்றால் அகலத்துக்குச் செலவிடுவதே மேல். அகலத்துக்கும் வரம்பு உண்டு. மட்கார்டுக்கும் ஃபோர்க்குக்கும் இடையே டயர் உரசாமல் சுற்ற இடம் வேண்டும்.

ஒட்டிய இடத்திலேயே இரண்டாம் நாளும் காற்று இறங்கினால் பேட்ச் மேல் உடனே பழி போட வேண்டாம். முள்ளின் முனை டயருக்குள் முறிந்து கிடக்கலாம், வெளியிலிருந்து தெரியாது. டியூபை வால்வு இருக்கும் இடத்தோடு பொருத்தி டயரின் மேல் வைத்தால், ஓட்டைக்கு நேரான இடம் கிடைத்துவிடும். அங்கே டயரின் உட்புறம் பஞ்சைத் தடவினால் இழை எங்கே சிக்குகிறதோ அங்கேதான் முனை. குறடால் பிடித்து உள்ளிருந்தே இழுத்துவிட்டு டியூபை மாட்டலாம்.